கடைக்கு மேலே உள்ள அறைக்கு வாடகை பிடிக்கிறார்கள்: தம்பிக்குச் சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் கிடைக்கிறதா?

கரவெட்டியான்
2025 செப்டம்பர் 7, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கடந்த நவம்பரிலிருந்து வடமேற்கு இலண்டனில் நம்மவர் ஒருவரின் கடையில் வேலை செய்கிறார். பத்திரிகை, பால், பாண், மதுபானம் எல்லாம் விற்கும் சாதாரண மூலைக்கடைதான். அவருக்கு வயது 26. இங்கே நிரந்தரமாக வசிக்கவும் வேலை செய்யவும் அனுமதி இருக்கிறது. ஆகவே விசாப் பிரச்சினை எதுவும் இல்லை.

வாரத்தில் ஆறு நாள் வேலை. நேர அட்டவணையில் காலை 7 மணியிலிருந்து மாலை 3 மணி வரை என்று எழுதி, அதில் அரை மணித்தியாலம் இடைவேளை என்று கழித்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாளுக்கு ஏழரை, வாரத்துக்கு 45 மணித்தியாலம். சம்பளம் வாரத்துக்கு 550 பவுண். சட்டப்படி 2025 ஏப்ரலிலிருந்து மணித்தியாலத்துக்கு 12.21 பவுண் கொடுக்க வேண்டும் என்பதால் 45 மணித்தியாலத்துக்கு 549.45 வருகிறது. கணக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

ஆனால் அவர் கடைக்கு மேலே உள்ள அறையில் தங்கியிருக்கிறார். அந்த அறைக்கு 95 பவுணும் மின்சாரம், சூடாக்கி ஆகியவற்றுக்கு 10 பவுணுமாக, வாரம் 105 பவுணைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். சம்பளச் சீட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. வரிக்கு முன்பே 445 பவுண்தான் மிஞ்சுகிறது. இது முறைதானா என்று எப்படிப் பார்ப்பது? முதலாளி நமக்குத் தெரிந்தவர் என்பதால், தவறாகப் பேசிவிடக் கூடாது என்று தயங்குகிறேன். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நல்லூரான்
2025 செப்டம்பர் 7

உங்கள் தம்பிக்கு மட்டுமல்ல, எனக்கும் இதே நிலைதான். என் சம்பளச் சீட்டில் மணித்தியாலத்துக்கு 12.21 என்று எழுதியிருக்கிறது. ஆனால் வங்கிக்கு வரும் தொகையை நான் வேலை செய்த 40 மணித்தியாலத்தால் பிரித்துப் பார்த்தால் பத்துப் பவுண் அளவில்தான் நிற்கிறது. எனக்கு வாடகைக் கழிவு ஒன்றும் இல்லை. சட்டம் 12.21 என்று சொல்லும்போது பத்துப் பவுண் கொடுப்பது எப்படிச் சரியாகும்? நானும் முறைப்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன்.

---

பழைய கடைக்காரர்
2025 செப்டம்பர் 7

நான் 22 ஆண்டுகளாகக் கடை நடத்துகிறவன். எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சம்பளம் வேறு, வாடகை வேறு. சம்பளத்தை 12.21 வீதம் முழுமையாகக் கொடுத்த பிறகு, அறைக்கு எவ்வளவு வாங்குவது என்பது இருவரும் பேசித் தீர்மானிக்கும் விடயம். இலண்டனில் 105 பவுணுக்கு மின்சாரத்தோடு அறை எங்கே கிடைக்கும்? வெளியே போனால் 180 பவுணுக்குக் குறைய இல்லை. தம்பிக்கு விருப்பமில்லை என்றால் வேறு இடத்தில் தங்கலாம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு ஆகக்குறைந்த சம்பளமே பொருந்தாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. இதில் அந்த முதலாளி செய்த தவறு எனக்குத் தெரியவில்லை.

---

கணக்குப்பிள்ளை
2025 செப்டம்பர் 8, திங்கள்

நான் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சிறு கடைகளின் கணக்குகளே எங்களிடம் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் நல்லூரான் அண்ணைக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது வங்கிக்கு வந்த தொகையை அல்ல. வருமான வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகிய மூன்றும் கழியும் முன் இருக்கும் தொகையைத்தான் சட்டம் பார்க்கிறது. அவை முதலாளியின் பைக்குப் போகும் பணம் அல்ல. வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு 488.40 பவுண் சம்பளமாக எழுதப்பட்டு, அந்த மூன்றும் கழிந்தால் நீங்கள் சொல்லும் தொகைதான் வரும். நீங்கள் தந்த விபரத்தின்படி உங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

இனி பழைய கடைக்காரர் அண்ணைக்கு. நீங்கள் சொல்வதை எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளமும் வாடகையும் வேறு வேறு என்பது, வீட்டுக்காரரும் முதலாளியும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போதுதான் பொருந்தும். முதலாளியே அறையைக் கொடுத்தால், அவர் எவ்வளவு வாங்கினாலும் அதில் ஒரு வரம்பு வரையில்தான் சம்பளக் கணக்கைப் பாதிக்காமல் இருக்கும். அந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து நாளுக்கு 10.66 பவுண், வாரத்துக்கு 74.62 பவுண். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பென்ஸையும் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் மணித்தியாலக் கணக்குப் போட வேண்டும். சம்பளத்தில் பிடித்தாலும், சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு மறுநாள் கையில் வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். மின்சாரத்துக்கும் சூடாக்கிக்கும் வாங்குவதும் அறைக்கான கட்டணமாகவே எண்ணப்படும். தொழிலாளி விரும்பித்தான் தங்கினார் என்பதாலோ, வெளியே வாடகை அதிகம் என்பதாலோ இது மாறாது. அறையைத் தவிர வேறு எந்தப் பொருளையும் சலுகையையும் சம்பளமாகக் காட்டவே முடியாது. மதியச் சாப்பாடு கொடுக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது அவர்களுடைய நல்ல மனம், சம்பளத்தில் அது சேராது.

இப்போது தம்பியின் கணக்கு. முதலாளியின் நேரக் கணக்கை, அதாவது 45 மணித்தியாலத்தை, அப்படியே ஏற்றுக்கொண்டு போடுகிறேன்.

அறைக்கு வாங்குவது 105.00. வரம்பு 74.62. மிகை 30.38.
சம்பளம் 550.00. அதில் மிகையைக் கழித்தால் 519.62.
கொடுத்திருக்க வேண்டியது 45 × 12.21 = 549.45.
குறை 29.83 பவுண், ஒவ்வொரு வாரமும்.

519.62 பவுணை 45 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 11.55 பவுண் வருகிறது. ஆகவே முதலாளி எழுதிய நேரமே சரியென்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படியான சம்பளம் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த 45 மணித்தியாலம் சரியா என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கேள்வி. கரவெட்டியான், தம்பியிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதுங்கள். காலையில் ஷட்டரைத் திறப்பது யார், எத்தனை மணிக்கு? மாலையில் ரில்லை எண்ணிக் கொடுத்துவிட்டு எப்போது மேலே போகிறார்? அந்த அரை மணித்தியால இடைவேளையில் கடையில் வேறு யாராவது நிற்கிறார்களா?

---

கரவெட்டியான்
2025 செப்டம்பர் 8

மிக்க நன்றி. இன்று தம்பியோடு பேசினேன். பதில் எனக்கே வருத்தமாக இருந்தது.

கடை 7 மணிக்குத் திறக்கிறது. ஆனால் பத்திரிகைக் கட்டுகள் அதற்கு முன்பே வாசலில் கிடக்கும். அவர் ஆறரைக்கு இறங்கி, அலாரத்தை நிறுத்தி, கட்டுகளை உள்ளே இழுத்து, கட்டியிருக்கும் பிளாஸ்ரிக் பட்டியை வெட்டி, பத்திரிகைகளை எண்ணி அடுக்கி, பால் பெட்டிகளைக் குளிரூட்டியில் வைத்த பிறகுதான் 7 மணிக்கு முதல் வாடிக்கையாளர் வருகிறார். மாலை 3 மணிக்கு அடுத்தவர் வந்ததும் ரில்லை எண்ணி, லொத்தர்க் கணக்கைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு வர மூன்றேகால் ஆகிவிடும். இடைவேளை நேரத்தில் கடையில் அவர் ஒருவர்தான். ரில்லுக்குப் பின்னால் நின்றபடி சாண்ட்விச் சாப்பிடுவாராம். ஆள் வந்தால் கையைத் துடைத்துவிட்டுச் சாமானை ஸ்கேன் பண்ணுவாராம்.

"நான் மேலேயே இருக்கிறபடியால் நேரத்தோடு இறங்குவதில் என்ன" என்று அவரே கேட்கிறார்.

---

கணக்குப்பிள்ளை
2025 செப்டம்பர் 8

தம்பி மேலே இருப்பதால் பயண நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆறரைக்கு அவர் செய்வது கடையின் வேலை. பத்திரிகையை அடுக்காமல் கடையைத் திறக்க முடியாது; அடுக்கச் சொன்னது முதலாளி. ஆகவே அது வேலை நேரம். ரில் எண்ணும் கால் மணித்தியாலமும் அப்படித்தான். இடைவேளை என்பது கடையை விட்டு வெளியே போகக்கூடிய, யாரும் கூப்பிட முடியாத நேரமாக இருந்தால் கழிக்கலாம். தனியாக ரில்லில் நிற்பவர் கடையை விட்டு எங்கே போவார்? அந்த அரை மணித்தியாலத்தையும் கழிக்க இடமில்லை என்பதே என் நிலைப்பாடு.

அப்படியானால் நாளுக்கு 6.30 முதல் 3.15 வரை எட்டே முக்கால், வாரத்துக்கு 52.5 மணித்தியாலம். கொடுத்திருக்க வேண்டியது 52.5 × 12.21 = 641.03. கொடுத்ததாக எண்ணக்கூடியது 519.62. குறை வாரத்துக்கு 121.41 பவுண். மணித்தியாலத்துக்கு 9.90 பவுண்தான் விழுகிறது.

வாடகையால் வந்த குறையைவிட நேரத்தால் வந்த குறை மூன்று மடங்கு பெரியது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் முதலில் வாடகையைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அது சீட்டில் எழுதியிருக்கிறது. காலையில் இறங்கிய அரை மணித்தியாலம் எங்கேயும் எழுதப்படுவதில்லை.

---

பழைய கடைக்காரர்
2025 செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று இதை வாசித்துவிட்டு இரவு என் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருவர் மேலே தங்கியிருக்கிறார்கள். அறைக்கு 70 பவுணும் எரிவாயு, மின்சாரத்துக்கு 10 பவுணுமாக 80 வாங்குகிறேன். 70 வரம்புக்குள் இருக்கிறது என்று மனத்தில் வைத்திருந்தேன். அந்தப் பத்துப் பவுணையும் சேர்க்க வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் வாரம் 5.38 பவுண் மிகையாக வாங்கியிருக்கிறேன். நான் கொடுப்பது சரியாக 12.21 என்பதால், அந்த 5.38 அப்படியே குறைதான். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பத்துப் பவுணை நிறுத்துகிறேன். பழையதையும் எண்ணிக் கொடுப்பேன்.

ஆனால் இடைவேளை விடயத்தில் நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை. காலை பதினொரு மணிக்கு அரை மணித்தியாலத்தில் மூன்று பேர் வருவார்கள். பையன் கதிரையில் இருந்து கைத்தொலைபேசி பார்ப்பான். அதையும் முழு வேலை நேரம் என்று சொல்வது சிறு கடைகளுக்குத் தாங்காது.

அதோடு, வீட்டோடு தங்குபவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நான் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

ஈஸ்ற்ஹாம் வாசகி
2025 செப்டம்பர் 9

கடைக்காரர் அண்ணையின் கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். என் மாமியார் வழியில் தூரத்து உறவான ஒரு அக்கா, நம்மவர் வீடொன்றில் தங்கி இரண்டு பிள்ளைகளைப் பார்த்து, சமைத்து, வீடு துப்புரவாக்குகிறார். தனி அறை இருக்கிறது, அதற்கு வாடகை வாங்குவதில்லை. மாதம் 900 பவுண் கொடுக்கிறார்கள். "எங்கள் வீட்டு ஆள் மாதிரி வைத்திருக்கிறோம், ஒன்றாகச் சாப்பிடுகிறோம், அதனால் சம்பளச் சட்டம் பொருந்தாது" என்று அந்த வீட்டார் சொல்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், அக்காவை மரியாதையாகவும் நடத்துகிறார்கள். ஆனால் காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 7 மணி வரை ஓடுகிறார். மதியத்தில் சின்னவள் தூங்கும்போது இரண்டு மணித்தியாலம் தன்னுடைய நேரம், அப்போது கடைக்குக்கூடப் போய்வருவார், ஏனென்றால் வீட்டுக்கார அம்மா வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார். சனி, ஞாயிறு வேலை இல்லை. அவர்கள் சொல்வது உண்மையா?

---

கணக்குப்பிள்ளை
2025 செப்டம்பர் 9

பழைய கடைக்காரர் அண்ணை சொன்னது முன்பு பாதி உண்மையாக இருந்தது. முதலாளியின் வீட்டில் தங்கி, குடும்பத்தில் ஒருவராக நடத்தப்பட்டு, உணவும் வேலையும் பொழுதுபோக்கும் பகிர்ந்து வாழ்பவருக்கு ஆகக்குறைந்த சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. கடையில் ரில்லில் நிற்கும் பையனுக்கு அது அப்போதும் பொருந்தவில்லை. அந்த விலக்கை 2024 ஏப்ரல் 1 ஆம் திகதியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே "வீட்டு ஆள் மாதிரி" என்ற பேச்சு இப்போது கணக்கில் ஏறாது.

அக்காவுக்கு ஓகஸ்ட் மாதத்தை எடுத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம் என்றால் மாதம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அறை இலவசம் என்பதால் இங்கே கணக்கு மறுபக்கமாகத் திரும்புகிறது: நாளுக்கு 10.66 வீதம் முதலாளிக்குச் சாதகமாகக் கூட்டிக்கொள்ளலாம். வேலையில்லாத சனி, ஞாயிறும் அறை அவருடையதுதான் என்பதால் 31 நாளுக்கும் சேர்த்து 330.46. அதோடு 900 ஐக் கூட்டினால் 1,230.46 பவுண். அதை 12.21 ஆல் பிரித்தால் 100 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அந்தச் சம்பளம் மாதத்துக்கு அவ்வளவு வேலைக்குத்தான் போதும். நீங்கள் சொல்வதுபோல் நாளுக்குப் பத்து மணித்தியாலம், ஓகஸ்டில் 21 வேலை நாள் என்றால் 210 மணித்தியாலம். அதற்கு 2,564.10 பவுண் கொடுத்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் 1,333.64 பவுண் குறை.

மதியத்து இரண்டு மணித்தியாலத்தை நான் கழித்துவிட்டேன் என்பதைப் பாருங்கள். பிள்ளையைத் தாய் பார்த்துக்கொள்ள, இவர் வெளியே போகலாம் என்பதால் அது உண்மையான ஓய்வு. தாய் வெளியே போய், பிள்ளை எழும்பினால் இவர்தான் பார்க்க வேண்டும் என்ற நாட்களில் அதைக் கழிக்க முடியாது.

---

சட்டம் படிப்பவள்
2025 செப்டம்பர் 10, புதன்

கணக்குப்பிள்ளை அண்ணை சொன்னதில் ஒரு இடத்தில் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 இல் நீக்கப்பட்டது "குடும்பத்தவர்போல்" நடத்தப்படும் வெளியாளுக்கான விலக்குத்தான். முதலாளியின் உண்மையான குடும்ப உறுப்பினர், அதே வீட்டில் வசித்து, வீட்டு வேலைகளில் பங்கெடுத்தால் அவருக்கான விலக்கு இன்னும் இருக்கிறது. வாசகி குறிப்பிடும் அக்கா அந்த வீட்டாருக்கும் உறவா? நம்மிடையே தூரத்து உறவை வைத்து அழைத்து வருவது வழக்கம் என்பதால் கேட்கிறேன்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் இரவில் எழும்பினால் அக்காதான் பார்க்கிறார் என்றால், 2021 இல் உச்ச நீதிமன்றம் மென்கப் வழக்கில் சொன்னதுபோல, தூங்குவதற்காக இருக்கும் நேரம் எண்ணப்படாது. எழும்பி வேலை செய்த நேரம் எண்ணப்படும். அதனால் எழும்பிய நேரங்களை அக்கா குறித்துவைப்பது நல்லது.

---

ஈஸ்ற்ஹாம் வாசகி
2025 செப்டம்பர் 10

அந்த வீட்டாருக்கு இவர் எங்கள் வழியில் உறவின் உறவு. அவர்கள் "அக்கா" என்று கூப்பிடுவது மரியாதைக்காக. ஊரில் ஒரே வளவில் இருந்த குடும்பங்கள் என்பதால் "சொந்தக்காரர்" என்று அவர்கள் சொல்லக்கூடும்.

---

சட்டம் படிப்பவள்
2025 செப்டம்பர் 10

அப்படிச் சொன்னால் தீர்ப்பாயம் ஏற்குமா என்பதில் எனக்கு வலுவான சந்தேகம். சம்பளத்துக்கு அமர்த்தி, பிள்ளை பார்க்கவென்று அழைத்து வந்தவரை, உறவின் உறவு என்பதால் குடும்ப உறுப்பினர் என்று நிறுவுவது கடினம். ஆனாலும் உறுதியாக எழுத எனக்குத் தகுதியில்லை. அவர் இருக்கும் பகுதியில் உள்ள சட்ட உதவி நிலையத்தில் நேரில் கேட்பதே சரி. அவர் வீட்டுப் பணியாளர் விசாவில் வந்தவரா என்பதையும் அங்கேயே முதலில் சொல்லட்டும். அதற்கேற்ப அறிவுரை மாறும்.

---

வெம்பிளி மாணவன்
2025 செப்டம்பர் 10

என் கடையில் ரில்லில் காசு குறைந்தால் அன்று நின்ற மூவரிடமும் சமமாகப் பிடிக்கிறார்கள். போன வாரம் எனக்கு 40 பவுண் போனது. இதுவும் ஆகக்குறைந்த சம்பளத்தைப் பாதிக்குமா? நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். சில வாரங்களில் 20 மணித்தியாலத்துக்கு மேலும் நின்றிருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை
2025 செப்டம்பர் 11, வியாழன்

உங்கள் தவறால் காசு குறைந்தது என்றும், அதற்கு நீங்கள் பொறுப்பு என்று வேலை ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்கிறது என்றும் இருந்தால், அந்தப் பிடிப்பு ஆகக்குறைந்த சம்பளக் கணக்கைப் பாதிக்காது. யார் தவறு என்றே தெரியாமல் மூவருக்கும் பங்கு போட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அது சம்பளக் குறைப்பாகவே நிற்கும். அதோடு கடைத் தொழிலாளிக்கு ரில் குறைவுக்காக ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று தனிச் சட்டம் உண்டு. உங்கள் வாரச் சம்பளம் 244.20 என்றால் 24.42 க்கு மேல் பிடிக்க முடியாது.

விசா வரம்பைத் தாண்டிய விடயத்தைப் பொது இடத்தில் இனி எழுத வேண்டாம், தம்பி. அது தனிச் சிக்கல். எந்த அலுவலகத்துக்கும் முறைப்பாடு செய்யும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள்.

---

கரவெட்டியான்
2025 செப்டம்பர் 12, வெள்ளி

இப்போது எங்களுக்குள்ள கேள்வி, ஆறரைக்கு இறங்கினார் என்பதை எப்படி நிறுவுவது என்பதுதான். முதலாளியிடம் கேட்டால் "ஏழு மணிக்குத்தானே கடை" என்பார். கையெழுத்துப் புத்தகம் எதுவும் இல்லை.

---

சட்டம் படிப்பவள்
2025 செப்டம்பர் 12

இந்த இடத்தில் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது, அதை நம்மவர் பலர் அறிவதில்லை. ஆகக்குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்டதற்கான பதிவுகளை முதலாளிதான் ஆறு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் குறைவாகக் கொடுத்தார் என்பதே தொடக்க நிலை. குறைவில்லை என்று முதலாளிதான் நிறுவ வேண்டும்.

அதைவிட முக்கியமானது, பதிவுகளைக் காட்டும்படி தம்பி கேட்கலாம். தனக்கு ஆகக்குறைந்த சம்பளம் கிடைக்கவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, இன்ன காலத்துக்கான பதிவுகளைப் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும் என்று திகதியிட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். 14 நாளுக்குள் காட்ட வேண்டும். தம்பி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். காட்டத் தவறினால், சம்பளக் குறை நிறுவப்படுகிறதோ இல்லையோ, அதற்கென்றே தீர்ப்பாயம் மணித்தியாலச் சம்பளத்தின் 80 மடங்கை, அதாவது 2025 ஏப்ரல் வீதப்படி 976.80 பவுணை, தம்பிக்குக் கொடுக்கச் சொல்லலாம். இப்படிக் கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், வேலை செய்த காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நியாயமற்ற பணிநீக்கம் என்றே கொள்ளப்படும்.

---

கணக்குப்பிள்ளை
2025 செப்டம்பர் 12

கடையில் நேரம் எழுதப்படுவதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் இயந்திரங்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அலாரத்தை நிறுத்திய நேரம் அதன் பதிவில் இருக்கும். லொத்தர் இயந்திரத்திலும் ரில்லிலும் முதலில் உள்நுழைந்த நேரம் இருக்கும். கமெராப் படம் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம். பத்திரிகை ஒரு கட்டுக் குறைந்தது என்று தம்பி முதலாளிக்குக் காலை 6.40 க்கு வட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. இவற்றோடு, இன்றிலிருந்து ஒரு சாதாரணக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் இறங்கிய நேரம், மேலே போன நேரம், இடைவேளையில் வேறு யார் நின்றார் என்பதை அன்றன்றே எழுதட்டும். மாதக் கடைசியில் ஒரே பேனையால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய கடைக்காரர் அண்ணைக்கும் இதில் பதில் இருக்கிறது. பதினொரு மணிக்கு அரை மணித்தியாலம் நீங்களோ வேறொருவரோ ரில்லில் நின்று, பையனை மேலே போகச் சொன்னால், அந்த இடைவேளையைக் கழிக்கலாம்.

---

கரவெட்டியான்
2025 செப்டம்பர் 13, சனி

முறைப்பாடு எங்கே செய்வது? பணம் எவ்வளவு காலத்துக்குத் திரும்பக் கேட்கலாம்?

---

சட்டம் படிப்பவள்
2025 செப்டம்பர் 13

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. அவர்களே விசாரித்து, ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்து, குறையைக் கொடுக்க வைப்பார்கள். பெயர் சொல்லாமலும், தொழிலாளிக்காக வேறொருவரும் அறிவிக்கலாம். முதலாளிக்குக் குறையின் இரு மடங்கு வரை அபராதம் விழும். 14 நாளுக்குள் கட்டினால் அது பாதியாகும். அபராதம் அரசுக்குப் போகிறது, தம்பிக்கு அல்ல. இந்த வழி செலவில்லாதது, ஆனால் மாதங்கள் ஓடும்.

மற்றது வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். அதற்கு முன் ஏகாஸ் நிறுவனத்தின் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். கடைசியாகக் குறைத்துக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரைதான் பின்னோக்கிக் கேட்கலாம். எச்.எம்.ஆர்.சி.யிடம் சொல்லியாகிவிட்டது என்பதால் இந்தக் கெடு நிற்காது. வேலையை விட்டுவிட்டு எச்.எம்.ஆர்.சி.யின் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பழைய குறையை இன்றைய வீதத்தில் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தம்பி தொடங்கியபோது வீதம் 11.44. அப்போது நூறு பவுண் குறைந்திருந்தால் 12.21 வீதத்தில் 106.73 ஆகக் கொடுக்க வேண்டும். அந்த மாதங்களில் அறைக்கான வரம்பும் நாளுக்கு 9.99 ஆகத்தான் இருந்தது. மார்ச் வரையிலான வாரங்களுக்கு அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஏகாஸின் உதவி எண் 0300 123 1100. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

---

பழைய கடைக்காரர்
2025 செப்டம்பர் 13

கரவெட்டியான், எழுத்தில் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில், கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசிப் பாருங்கள். வாடகையின் வரம்பு அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். எனக்கே தெரியாமல்தானே இருந்தது.

---

கரவெட்டியான்
2025 ஒக்ரோபர் 11, சனி

நடந்ததை எழுதுகிறேன். கடைக்காரர் அண்ணை சொன்னபடி முதலில் நேரில் போனோம். வாடகைக் கணக்கைப் பார்த்ததும் முதலாளி தன் கணக்காளரிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். இப்போது அறைக்கு எல்லாம் சேர்த்து 74 பவுண்தான் பிடிக்கிறார். பழைய மிகையைத் தவணையாகத் தருவதாகச் சொல்லி, முதல் தவணையும் வந்துவிட்டது.

நேரத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறரைக்கு இறங்கச் சொல்லித் தான் கேட்கவே இல்லை என்கிறார். எழுத்தில் கேட்ட பிறகு, 13 ஆம் நாள் ஒரு புத்தகத்தைக் காட்டினார். எல்லா நாளும் 7.00, 3.00 என்றே இருந்தது. தம்பி ஊருக்குப் போய் நின்ற பெப்ரவரி மாத இரண்டு வாரங்களுக்கும் அப்படியே எழுதியிருந்தது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டோம். ஏகாஸில் பதிவு செய்து இலக்கம் வாங்கியிருக்கிறோம்; சமரசப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அலாரப் பதிவு முதலாளியின் கைத்தொலைபேசிச் செயலியில்தான் இருக்கிறது. தன் தனி இலக்கத்தால் அலாரத்தை நிறுத்திய நேரங்களை நேரடியாக அலார நிறுவனத்திடம் கேட்டு வாங்கியவர் யாராவது இங்கே இருந்தால், எப்படி எழுதிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.